ஹெட்போன் வாங்கும் கணக்கு

இயர்போன், ஹெட்போன் இரண்டிலும் ஒலி பிறப்பது டிரைவர் எனப்படும் சிறிய ஒலிபெருக்கியில்தான். மெல்லிய வட்டச் சவ்வு ஒன்று, அதன் முதுகில் ஒட்டிய நுண்ணிய கம்பிச்சுருள், பின்னால் ஒரு காந்தம். போனிலிருந்து வரும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் அசைக்கிறது. சவ்வு அதிர்ந்து காற்றைத் தள்ள, காதில் பாட்டு கேட்கிறது. இந்தப் பாகத்தைச் செய்ய இன்று பெரிய செலவு இல்லை. 500 ரூபாய்ப் பொருளுக்கும் 5,000 ரூபாய்ப் பொருளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு டிரைவருக்குப் போவதில்லை. பேட்டரி, புளூடூத் சிப், மைக், இரைச்சல் குறைக்கும் மின்சுற்று, உறை, விளம்பரம், கம்பெனியின் பெயர் ஆகியவற்றுக்கே அது பங்கிடப்படுகிறது.

2,000 ரூபாய் விலையுள்ள ஒயர் இல்லாத இயர்பட்ஸைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். காதுக்கு ஒன்றாக இரண்டு புளூடூத் சிப்புகள். காதுக்கு ஒன்று, சார்ஜிங் கேஸுக்கு ஒன்று என மூன்று பேட்டரிகள். குறைந்தது இரண்டு மைக்குகள், சார்ஜ் ஏற்றும் சுற்று, மூடியின் கீல், காந்தங்கள். இத்தனைக்கும் போக மிஞ்சுவதில்தான் டிரைவரையும், அதன் ஒலியைச் சீர்படுத்தும் வேலையையும் முடிக்க வேண்டும். அதே 2,000 ரூபாய்க்கு வரும் ஒயர் இயர்போனில் டிரைவர், அதன் கூடு, ஒரு ஒயர் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே ஒரே விலையில் ஒயர் உள்ளதும் இல்லாததும் இருந்தால், ஒலித் தரத்தில் ஒயர் உள்ளதே பெரும்பாலும் முந்தும்.

விலை ஏற ஏற ஒலி நன்றாகிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. யெருன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு, 2017-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் முடிவை வெளியிட்டார். தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை ஒவ்வொன்றையும் ஒரு கருவி எந்த அளவில் ஒலிக்கிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. இந்த ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அணியும் சுகம், கட்டுமானத்தின் உறுதி, பேட்டரி ஆகியவற்றை அது அளக்கவில்லை. ஆனால் ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெறுவது இந்தச் சுருதிச் சமநிலைதான் என்பதால், விலைச்சீட்டைப் பார்த்து ஒலியை ஊகிப்பது சரியான வழி அல்ல.

சுருதிச் சமநிலை கெடுவது பெரும்பாலும் பாஸில்தான். மலிவான பொருள்களில் பாஸை வேண்டுமென்றே தூக்கிவைக்கிறார்கள். கடையில் ஒரு நிமிடம் கேட்பவருக்கு அந்த அதிர்வு உடனே பிடித்துவிடும். ஒரு மணி நேரம் கேட்டால்தான் பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கிடப்பது தெரியும். இதைச் சோதிக்க மிருதங்கத் தனி ஆவர்த்தனம் அருமையான கருவி. இடப்பக்கத் தொப்பியின் ஒலி கனமாகவும், வலந்தலையின் ஒலி கூர்மையாகவும் இருக்க வேண்டும். பாஸ் மிகைப்பட்ட இயர்போனில் தொப்பி நீண்டு முழங்கி, அடுத்து விழும் வலந்தலைச் சொற்களை விழுங்கிவிடும். பின்னணியில் ஓடும் தம்புராவின் ரீங்காரமும் காணாமல் போகும். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. உச்ச சுருதிகள் மிகைப்பட்டால் பாட்டில் வரும் ‘ச’, ‘ஸ’ ஓசைகள் ஊசியாகக் குத்தும். நன்றாகப் பழகிய இரண்டு மூன்று பாடல்களை, ஒலியளவை நடுவில் வைத்துக் கேட்டாலே இந்த இரண்டும் பிடிபட்டுவிடும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு முன்னால் இன்னொன்று சரியாக இருக்க வேண்டும். காதுத் துளைக்குள் போகும் வகை இயர்போனில், ரப்பர் முனை காதை இடைவெளி இல்லாமல் அடைத்தால்தான் பாஸ் கேட்கும். சிறு கசிவு இருந்தாலும் தாழ்ந்த சுருதிகள் வெளியேறி, ஒலி தகரம்போல் ஆகிவிடும். “இதில் பாஸே இல்லை” என்று திருப்பி அனுப்பப்படும் பொருள்களில் பல உண்மையில் ரப்பர் அளவு பொருந்தாதவைதான். பெட்டியில் வழக்கமாகச் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று ஜோடி வரும். மாட்டியே வரும் நடுத்தர அளவை எவரும் மாற்றிப் பார்ப்பதில்லை. ஒருவரின் இடக்காதும் வலக்காதும் வெவ்வேறு அளவில் இருப்பது சகஜம் என்பதால், இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு ரப்பர் போடுவதிலும் தவறில்லை. பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் மெதுவாக உள்ளே அழுத்த வேண்டும். அழுத்தும்போது பாஸ் சட்டென்று கூடினால், அதுவரை கசிவு இருந்தது என்று பொருள். அடுத்த பெரிய அளவைப் போட்டுப் பார்க்கலாம்.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்களில் பல, ஒலியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. டிரைவர் 10 மில்லிமீட்டரா 13 மில்லிமீட்டரா என்பது தரத்தின் அளவுகோல் அல்ல. “20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை” என்பது மனிதக் காதின் எல்லையை அப்படியே எடுத்து எழுதியதுபோன்றது. அந்த எல்லைக்குள் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று சொல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இரைச்சலை 30 டெசிபல், 40 டெசிபல் குறைக்கும் என்பது ஏதோ ஒரு சுருதியில் கிடைத்த உச்ச அளவு. பஸ் என்ஜின், மின்விசிறி போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான இரைச்சலில் அது நன்றாக வேலை செய்யும். பக்கத்து சீட்டின் பேச்சில் அவ்வளவு செய்யாது. பேச்சை மறைப்பதில் நன்றாகப் பொருந்திய ரப்பரே கூடுதல் உதவி. எல்டாக் போன்ற உயர்தர ஒலிக்குறியீடுகளும் அப்படித்தான். போனிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன், இருந்தாலும் சமநிலை கெட்ட டிரைவரை அவை திருத்திவிடாது.

பேட்டரிக்கு வந்தால், விளம்பரத்தில் வரும் “40 மணி நேரம்” என்ற எண்ணைப் பிரித்துப் படிக்க வேண்டும். இயர்பட்ஸில் இந்த எண் கேஸையும் சேர்த்தது. ஒருமுறை காதில் மாட்டினால் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது சின்ன எழுத்தில் வேறிடத்தில் இருக்கும். பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு மணி நேரம். அதுவும் ஒலியளவைப் பாதியில் வைத்து, இரைச்சல் குறைப்பை நிறுத்திவைத்து அளந்தது. அதை ஓடவிட்டால் நேரம் குறையும். போனில் பேசினால் மைக்கும் சேர்ந்து இயங்குவதால் இன்னும் குறையும்.

இதைவிட முக்கியமானது, பல வாங்குபவர்கள் கணக்கில் எடுக்காதது, பேட்டரியின் வயது. லித்தியம் அயான் பேட்டரி முழுதாக ஏறி முழுதாக இறங்குவது ஒரு சுற்று. பாதி இறங்கி இரண்டுமுறை ஏற்றினால் அதுவும் ஒரு சுற்றுதான். ஏறத்தாழ 300 முதல் 500 சுற்றுகளில் பேட்டரியின் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 சதவீதத்துக்கு வந்துவிடும். அதன்பின் சரிவு தொடரும். போனிலும் ஹெட்போனிலும் வேதியியல் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபடுவது பேட்டரியின் அளவு. ஓர் இயர்பட்டுக்குள் அடங்குவது சுமார் 30 முதல் 60 மில்லி ஆம்பியர் மணி. கழுத்தில் மாட்டும் நெக்பேண்டில் அதைப்போல் நான்கைந்து மடங்கு. காதை மூடும் ஹெட்போனில் பத்து மடங்குக்கும் மேல்.

பெரிய பேட்டரி என்றால் நீண்ட நேரம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது நீண்ட காலம் உழைக்கும் என்பதுதான் கவனிக்கப்படாத விஷயம். தினம் நான்கு மணி நேரம் கேட்பவர், ஐந்து மணி நேரம் ஓடும் இயர்பட்ஸில் நாள்தோறும் கிட்டத்தட்ட ஒரு சுற்றைச் செலவழிக்கிறார். முப்பது மணி நேரம் ஓடும் ஹெட்போனில் அவருக்கு ஒரு சுற்று முடிய ஏழெட்டு நாளாகும். முதலாவதில் 500 சுற்றுகள் இரண்டு வருடம் ஆகும் முன்பே தீர்ந்துவிடும். இரண்டாவதில் அவை தீரப் பத்து வருடம் ஆகும், அதற்குள் பேட்டரி வெறும் வயதாலேயே தளர்ந்திருக்கும். இயர்பட்ஸ் இரண்டு வருடத்தில் சொதப்புவது கம்பெனியின் குறையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த அளவுப் பேட்டரியின் கணக்கே அப்படி.

இரண்டு பட்டும் ஒரே நேரத்தில் ஓய்வதும் இல்லை. ஒற்றைக் காதில் மாட்டிப் பேசும் பழக்கம் உள்ளவருக்கு அந்தப் பக்கத்துப் பேட்டரி முந்திக்கொண்டு தேயும். வெயில்தான் மிகப் பெரிய பகை. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் முழு சார்ஜோடு கிடக்கும் கேஸ், பல மாதத் தேய்மானத்தை அந்த ஒரே கோடையில் வாங்கிக்கொள்ளும். இதற்கு நேர்மாறான கேடும் ஒன்று உண்டு. சார்ஜ் அறவே தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் மேசையறையில் போட்டுவைத்தால் பேட்டரி ஓர் எல்லைக்குக் கீழே இறங்கி, பிறகு சார்ஜே ஏற்காமல் போகலாம். பயன்படுத்தாமல் எடுத்துவைக்கும் செட்டைப் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

உறுதியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு வகைக்கும் முதலில் விட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. ஒயர் இயர்போனில் அது ப்ளக்கின் கழுத்து. சட்டைப்பையில் போனை வைத்து நடக்கும்போது ஒயர் அந்த இடத்திலேயே மடங்கி மடங்கி, உள்ளே இருக்கும் முடியளவு செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். அடுத்தது இரண்டு காதுக்கும் ஒயர் பிரியும் முடிச்சு. வாங்கும்போது ப்ளக்கின் கழுத்தில் வளைந்துகொடுக்கும் ரப்பர் உறை இருக்கிறதா, கெட்டியான பிளாஸ்டிக்கிலிருந்து ஒயர் நேராக வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ப்ளக் ‘எல்’ வடிவில் இருந்தால் சட்டைப்பைக்கு இன்னும் நல்லது.

காதை மூடும் ஹெட்போனில் முதலில் போவது குஷன். செயற்கைத் தோலாகப் பூசப்படும் பாலியூரித்தேன் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதையும் பொருள். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் அதிகம் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இரண்டு மூன்று வருடத்தில் அது உரிந்து கறுப்புச் செதில்களாகக் கன்னத்தில் ஒட்டத் தொடங்கும். துணியால் ஆன குஷன் இப்படி உரிவதில்லை, ஆனால் வெளிச்சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும். குஷனுக்கு அடுத்தபடியாக உடைவது, மடக்கும் கீலும் தலைப்பட்டையின் நீட்டும் முனையும். அங்கே உலோகத் தகடு இருக்கிறதா, வெறும் பிளாஸ்டிக்கா என்பதை நீட்டிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இயர்பட்ஸிலோ, கெட்டுவிட்டதாக நினைப்பதில் கணிசமான பங்கு அழுக்குதான். ஒரு பக்கம் மட்டும் சத்தம் மங்கினால், ரப்பரைக் கழற்றி, முனையில் உள்ள வலையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காதுமெழுகு அடைத்திருந்தால் வலையின் கண்கள் பளபளப்பாக, பழுப்பாகத் தெரியும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பட்டைப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டித் துடைத்தால் மெழுகு உதிர்ந்து கீழே விழும். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தாலோ, திரவம் ஊற்றினாலோ அழுக்கு உள்ளே இறங்கி டிரைவரில் படிந்துவிடும். ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்றால், பட்டிலும் கேஸிலும் உள்ள உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்திருக்கக்கூடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் அந்தப் புள்ளிகளைத் துடைத்து, உலர்ந்தபின் வைத்துப் பார்க்கலாம். இந்த இரண்டையும் செய்யாமல் புதிது வாங்கப் போகத் தேவையில்லை.

தண்ணீர் தாங்கும் திறனுக்கு ஐ.பி.எக்ஸ் குறியீடு இருக்கிறது. நான்கு என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், வியர்வைக்கும் தூறலுக்கும் போதும். ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். ‘எக்ஸ்’ வரும் இடத்தில் எண் இல்லையென்றால் தூசிச் சோதனைக்கு மதிப்பீடு தரப்படவில்லை என்று பொருள். இந்தச் சோதனைகள் புதிய பொருளில் நடப்பவை. கடல்நீருக்கும் சோப்புநீருக்கும் அவை பொருந்தாது. பட்டுக்குக் கிடைத்த மதிப்பீடு கேஸுக்குப் பெரும்பாலும் கிடையாது என்பதால், நனைந்த பட்டைத் துடைக்காமல் கேஸில் போடுவது கேஸைக் கெடுக்கும்.

பழுதுபார்ப்பில்தான் வகைகளுக்கு இடையே பெரிய பிளவு தெரிகிறது. ஒயர் இயர்போனில் ஒரு காது கேட்கவில்லை என்றால், பாட்டை ஓடவிட்டு, ஒயரைப் ப்ளக்கிலிருந்து தொடங்கி இரண்டிரண்டு விரற்கடையாக மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கரகரத்து ஒலி வந்து வந்து போகிறதோ, அங்கேதான் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் ப்ளக்கை ஒட்டிய நான்கைந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு, புதிய 3.5 மில்லிமீட்டர் ப்ளக்கைச் சால்டர் வைத்தால் சரியாகிவிடும். ப்ளக்கின் விலை சில பத்து ரூபாய்தான். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் ப்ளக்கும் கிடைக்கும், வைத்துத் தருபவரும் கிடைப்பார். உள்ளே இருக்கும் இழைகளில் வண்ண வார்னிஷ் பூசியிருப்பார்கள். வழக்கமாகச் சிவப்பு வலக்காது, பச்சை அல்லது நீலம் இடக்காது, செம்பு நிறம் பொது இணைப்பு. அந்த வார்னிஷைச் சூட்டில் எரித்தோ சுரண்டியோ எடுக்காமல் சால்டர் வைத்தால் ஈயம் பிடித்ததுபோல் தெரியும், ஒலி வராது. மைக் உள்ள இயர்போனுக்கு நான்கு வளையப் ப்ளக் வேண்டும். மூன்று வளையத்தைப் போட்டால் பாட்டு கேட்கும், பேச முடியாது.

இதைவிட எளிய வழி, ஒயரைக் கழற்றி மாட்டும்படி வரும் இயர்போன்கள். சீனக் கம்பெனிகளின் வரவால் இப்போது 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள்ளேயே இவை கிடைக்கின்றன. காதருகே இரண்டு ஊசிகளாலோ, எம்.எம்.சி.எக்ஸ் என்ற வட்டக் கொளுவியாலோ ஒயர் இணையும். ஒயர் அறுந்தால் அதை மட்டும் சில நூறு ரூபாயில் மாற்றிக்கொண்டால் போதும், டிரைவர் பல வருடம் ஓடும். வட்டக் கொளுவியை அடிக்கடி கழற்றி மாட்டினால் அது தளர்ந்து ஒலி விட்டுவிட்டு வரும் என்பதால், தேவையில்லாமல் தொடாமல் இருப்பது நல்லது.

ஹெட்போன்களில் பழுதுபார்ப்பின் உச்சத்துக்கு உதாரணம் 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600. அதன் ஒயர், குஷன், டிரைவர், தலைப்பட்டை எல்லாமே தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை. ஒலிப்பதிவுக் கூடங்களில் பழகிய சோனி எம்டிஆர்-7506 மாடல் 1991-இலிருந்து விற்பனையில் இருக்கிறது. அதன் குஷன் இன்றும் தனியாகக் கிடைக்கிறது. ஒரே வடிவம் நீண்ட காலம் சந்தையில் இருப்பது வாங்குபவருக்கு நேரடி லாபம், ஏனென்றால் அதற்கான உதிரிப் பாகங்களை மற்றக் கம்பெனிகளும் செய்து விற்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு புது மாடல் இறக்கும் கம்பெனியின் பொருளுக்கு, இரண்டு வருடம் கழித்துக் குஷன் தேடினால் கிடைப்பது சந்தேகம்.

இயர்பட்ஸ் இதற்கு நேர் எதிர்முனை. 2016-இல் வந்த முதல் ஏர்பாட்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் நிறுவனம் பழுதுபார்க்கும் தன்மைக்குப் பத்துக்குப் பூஜ்யம் மதிப்பெண் கொடுத்தது. உடைக்காமல் பேட்டரியை எடுக்க வழியில்லாதபடி பசையால் ஒட்டியிருந்ததே காரணம். இன்றும் பெரும்பாலான இயர்பட்ஸ் அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன. வேறு மாதிரி செய்ய முடியாது என்பதற்கில்லை. நெதர்லாந்தின் ஃபேர்போன் 2024-இல் வெளியிட்ட ஃபேர்பட்ஸில் இரண்டு பட்டின் பேட்டரியையும், கேஸின் பேட்டரியையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறையின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். சில விலக்குகள் உண்டு என்றாலும், உலகச் சந்தைக்கு ஒரே மாடலைச் செய்யும் கம்பெனிகளின் வடிவமைப்பை இது மாற்றக்கூடும். அதுவரை இயர்பட்ஸ் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு பட் தொலைந்தாலோ பழுதானாலோ அந்த ஒன்றை மட்டும் கம்பெனி விற்குமா, என்ன விலைக்கு? விற்காது என்றால், ஒற்றைப் பட் ஆட்டோவில் விழுந்த அன்றே மொத்த செட்டும் முடிந்தது.

நெக்பேண்ட் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் பேட்டரி கழுத்துப்பட்டையின் முனையில் உள்ள சிறு பெட்டிக்குள் இருக்கும். பல மாடல்களில் அதைத் திறந்து, அதே அளவுள்ள பேட்டரியைப் பழைய இடத்தில் சால்டர் வைக்க முடியும். அதை எவர் செய்தாலும் பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரிதானா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும், உப்பிய பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து நகருக்குள் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். போக வர மூன்று மணி நேரம், வீட்டில் பாட வீடியோக்கள் ஒரு மணி நேரம். ஆக நாளுக்கு நான்கு மணி நேரம். கையில் 2,500 ரூபாய். கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்த தோராயம்.

2,000 ரூபாய் இயர்பட்ஸ். பெட்டியில் ஆறு மணி நேரம் என்றிருக்கும், பஸ் இரைச்சலில் ஒலியைக் கூட்டிக் கேட்டால் ஐந்து மணி நேரம் வரும். நாளுக்கு முக்கால் சுற்றுக்கு மேல் செலவாகும். 500 சுற்றுகள் ஒரு வருடம் எட்டு மாதத்தில் முடியும். அப்போது கொள்ளளவு 80 சதவீதம், அதாவது நான்கு மணி நேரம். அவருடைய தேவைக்குச் சரியாக அந்த இடத்தில்தான் அது தொட்டு நிற்கிறது. அதன்பின் திரும்பி வரும் வழியில் சார்ஜ் தீரத் தொடங்கும். இரண்டு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு 1,000 ரூபாய்.

1,500 ரூபாய் நெக்பேண்ட். முப்பது மணி நேரம் என்று எழுதியிருந்தால் நடைமுறையில் 24 மணி நேரம் என்று கொள்ளலாம். நான்கு மணி நேரக் கேட்பு ஆறில் ஒரு சுற்று. 500 சுற்றுகளுக்கு எட்டு வருடம் பிடிக்கும் என்பதால் பேட்டரி இங்கே பிரச்சினையே இல்லை. ஒயர் காதோடு சேரும் இடமும், சார்ஜ் ஏற்றும் துளையும்தான் முதலில் போகும். மூன்று வருடம் வந்தால் வருடத்துக்கு 500 ரூபாய்.

1,800 ரூபாய்க்கு ஒயர் கழற்றும் இயர்போன். நான்கு வருடத்தில் இரண்டுமுறை ஒயர் மாற்ற 1,000 ரூபாய், ரப்பருக்கு 200 ரூபாய். மொத்தம் 3,000, வருடத்துக்கு 750 ரூபாய். போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் யூ.எஸ்.பி. சி இணைப்பி ஒன்றுக்கு இன்னொரு 800 ரூபாய் சேர்ந்து வருடச் செலவு 950 ஆகும். இணைப்பி வாங்கும்போதும் கவனம் வேண்டும். உள்ளே ஒலிமாற்றிச் சிப் இல்லாத மலிவு இணைப்பி பல போன்களில் வேலையே செய்யாது. 

2,500 ரூபாய்க்குப் புளூடூத் ஹெட்போன் வாங்கி, இரண்டு வருடத்தில் ஒருமுறை 500 ரூபாய்க்குக் குஷன் மாற்றினால் நான்கு வருடத்துக்கு 3,000. அதுவும் வருடத்துக்கு 750தான். ஆனால் மே மாதத்துப் புறநகர் ரயிலில் காதை மூடிய ஹெட்போனோடு ஒன்றரை மணி நேரம் நிற்பது எல்லோராலும் ஆகாது.

ஆக வருடச் செலவில் மலிவு நெக்பேண்ட். ஒயர் இயர்போன் வருடத்துக்கு 250 ரூபாய் கூடுதல், அந்தப் பணத்துக்கு நல்ல ஒலி கிடைக்கிறது. பாட்டை ஊன்றிக் கேட்பவர் என்றால் அந்தக் கூடுதலுக்கு நியாயம் உண்டு. நான்கில் இந்த மாணவிக்கு மிகவும் பொருந்தாதது இயர்பட்ஸ்தான்.

ஆனால் இதே இயர்பட்ஸை நாளுக்கு ஒரு மணி நேரம், நடைப்பயிற்சியில் மட்டும் பயன்படுத்துபவரின் கணக்கு வேறு. அவருக்கு ஐந்து நாளுக்கு ஒரு சுற்றுதான் செலவாகும். 500 சுற்றுகளைத் தொடும் முன்பே பேட்டரி வயதால் தளரத் தொடங்கும், நான்கு வருடம் வரை ஓட வாய்ப்பு உண்டு. அப்போது அதே 2,000 ரூபாய் வருடத்துக்கு 500 ஆகி, நெக்பேண்டுக்குச் சமமாக வந்துவிடுகிறது. ஒயர் சிக்காத வசதி அவருக்குக் கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும், ஒரு பட்டைத் தொலைக்காத வரையில்.